கட்டிலுக்கடியில் காலி பாக்கெட்டுகள்: கண்டதும் செய்யக்கூடாதவை

தீபாவளி முடிந்த அடுத்த வாரம், தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் அக்கா தன் 15 வயது மகளின் கட்டிலை நகர்த்திப் பெருக்கினாள். சுவரோரம் 11 சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறைகள், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க எடுத்து வைத்திருந்த பர்ஃபி டப்பா. எல்லாம் காலி. (அவள் படித்துச் சரி சொன்ன பிறகே இதை எழுதுகிறேன்.)

அன்றிரவு அக்கா அத்தனையையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி, அப்பா, தாத்தா முன்னால் "என்னடி இதெல்லாம்?" என்று கேட்டாள். அதுதான் முதல் தவறு. ஒளித்துச் சாப்பிடுகிற பிள்ளை ஏற்கெனவே வெட்கத்தில் கூனிப்போயிருக்கும். சபையில் கேட்டால் ஒளிப்பதில் இன்னும் கெட்டிக்காரத்தனம் வரும், அவ்வளவுதான். அதன்பின் கட்டிலடியில் உறைகள் கிடைக்கவில்லை. அக்கா நிம்மதியானாள். அவை பள்ளிப் பைக்குள் போய், டாக்ஸி நிறுத்தத்துக் குப்பைத்தொட்டியில் விழுந்துகொண்டிருந்தன.

அடுத்து அலமாரிக்குப் பூட்டு வந்தது. பள்ளி டக் ஷாப்புக்குக் கொடுக்கும் காசு இருக்கும்வரை பூட்டால் என்ன பயன்?

மூன்றாவது தவறு என்னுடையது. நான் டயட்டீஷியன். அக்கா போனில் அழுததும், காலைச் சாப்பாட்டைக் குறைத்து, சோறு ரொட்டியைக் குறைத்து ஒரு பட்டியல் அனுப்பினேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. அதற்கு முந்தைய புரட்டாசியில் வீடே சைவம். அக்கா மகள் மட்டும் விரதம் என்று சொல்லி ஒரு வேளைக்கு இறங்கியிருந்தாள். கோயிலில் பார்த்தவர்களெல்லாம் "இளைச்சிட்டியே, அழகாயிருக்கே" என்றார்கள். மாதம் முடிந்தும் அவள் காலையில் சாப்பிடவில்லை, பள்ளியிலும் இல்லை. மாலை 4 மணிக்கு ஆளில்லாத வீட்டுக்கு வந்து நிற்கிறபோது உடம்பு எதையாவது போடு என்று கதறும். ஒரு துண்டு ரொட்டியில் தொடங்கினால் பாதி பாக்கெட் போய்விடும். பிறகு குற்ற உணர்ச்சி. அதற்குப் பரிகாரமாக மறுநாள் பட்டினி. மறுபடி 4 மணி. என் பட்டியல் அந்தச் சுழலை இன்னும் இறுக்கியது.

வளரும் பிள்ளை நிறையச் சாப்பிடுவது நோயல்ல. பசி இல்லாமலும், வேக வேகமாக, தனியாக, வயிறு வலிக்கும்வரை சாப்பிடுவதும், நடுவில் நிறுத்த முடியாமல் தவிப்பதும், பின்னால் தன்மேலேயே அருவருப்பு கொள்வதும்தான் அடையாளம். வாரத்துக்கு ஒரு முறையாவது, 3 மாதம் இப்படி நடந்தால் மருத்துவர்கள் அதற்கு நோய்ப்பெயர் வைப்பார்கள். வீட்டார் அதுவரை காத்திருக்க வேண்டாம். உடம்பின் பருமனை வைத்தும் கணிக்க முடியாது. என் அக்கா மகள் ஒல்லி.

இரண்டாம் முறை அக்கா காரில் பேசினாள். இருவரும் சாலையைப் பார்த்தபடி போகும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. "எல்லார் முன்னாடியும் கேட்டது என் தப்பு, கண்ணு. எவ்வளவு சாப்பிட்டேன்னு நான் கேட்கல. சாப்பிட்டு முடிச்சதும் மனசு எப்படி இருக்குன்னு மட்டும் தெரிஞ்சிக்கணும். இப்பவே சொல்ல வேண்டாம்." ஹிகின்சன் ஹைவே முடியும்வரை பதில் இல்லை. அக்காவும் துருவவில்லை. மூன்று நாள் கழித்துச் சமையலறை வாசலில் நின்று, "நிறுத்தணும்னுதான்மா நினைக்கிறேன், கை நிக்க மாட்டேங்குது" என்றாள். அக்கா அறிவுரை சொல்லவில்லை. "டாக்டர்கிட்ட நானும் கூட வரட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

பூட்டு போனது. காலைச் சாப்பாடும் பள்ளிக்கு டப்பாவும் திரும்பி வந்தன. 4 மணிக்குப் பருப்புக் கறியோ கடலை வெண்ணெயோ வைத்து இரண்டு ரொட்டி, ஒரு வாழைப்பழம் மேசையில் தயாராக இருக்கும். எந்த இரண்டு வேளைக்கும் நடுவே 3, 4 மணி நேரத்துக்கு மேல் போகாது. தட்டைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்வதில்லை. தாத்தாவுக்கு மட்டும் இது கஷ்டமாக இருந்தது.

ஆனால் வேளைச் சாப்பாடு மட்டும் போதாது. இதற்கு முதன்மையான சிகிச்சை பேச்சுவழிச் சிகிச்சை. அதைச் சொந்தச் சித்தி செய்ய முடியாது. மருத்துவர் அக்காவைச் சற்று வெளியே இருக்கச் சொன்னார். அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறாயா, பேதி மாத்திரை போடுகிறாயா என்ற கேள்விக்குப் பிள்ளை தாயின் எதிரில் உண்மை சொல்லாது. இங்கே 2005 குழந்தைகள் சட்டப்படி, 12 வயதான பிள்ளை விவரம் புரிகிற பக்குவத்தில் இருந்தால் மருத்துவத்துக்குத் தானே சம்மதம் தரலாம். வாந்தி எடுப்பதோடு மயக்கம், நெஞ்சுப் படபடப்பு இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் பிள்ளையைத் தனியே விடாமல் 0800 567 567 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

நடுவில் இரண்டு முறை பழையபடி ஆனது. இரண்டு முறையும் அவளே வந்து சொன்னாள். இந்தப் புரட்டாசியில் சைவம் மட்டும் இருந்தாள், எந்த வேளையையும் விடவில்லை. பர்ஃபி டப்பா இப்போது மேசைமேல் திறந்தே இருக்கிறது. நேற்று நான் போனபோது மூன்று துண்டு குறைந்திருந்தது. யார் எடுத்தது என்று அக்கா கேட்கவில்லை.