துணைவர் விசா: படங்கள் இருந்தும் ஆதாரம் போதவில்லை என்றார்கள்

உறவு தொடர்ச்சியானது என்பதற்குக் கூடுதல் ஆதாரம் கேட்டுக் கடிதம் வந்தது. முதலில் இன்னும் நிறையப் படங்களைச் சேர்த்துப் பார்த்தோம். அப்புறம் வாட்ஸ்அப் உரையாடல் முழுவதையும் ஏற்றுமதி செய்தோம். பல நூறு பக்கம், யார் படிப்பார்கள்?

சிக்கல் தேதிகளில் இருந்தது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில், எடுத்த நாளும் இடமும் நீங்கிவிடுகின்றன. கோப்பு காட்டுவது பதிவிறக்கிய நாளை. அதனால் எங்கள் பயணப் படங்கள் கடவுச்சீட்டு முத்திரையோடு பொருந்தவில்லை. எடுத்த போனிலிருந்தே மூலப் படங்களை எடுத்ததும் சரியானது. ஏற்றுமதி செய்த உரையாடலில் இன்னொன்று: எண்ணுக்குப் பதில், நாம் சேமித்த செல்லப்பெயர்தான் வரும். எண் தெரியும் தொடர்புத் திரையையும் படமெடுத்து இணைத்தோம்.

பிறகு ஒரே அட்டவணை. ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு வரி: முத்திரை, போர்டிங் பாஸ், ஒரு படம், அந்த வாரத்துச் செய்தி ஒன்று. பிரிந்திருந்த மாதங்களுக்கும் வரி உண்டு. அங்கே அழைப்புப் பதிவும் பணப் பரிமாற்றமும்.

கூட்டுக் கணக்கில் இருப்புச் சான்றிதழ் பெரிதாக உதவாது. இருவர் சம்பளமும் வந்து, வாடகையும் மளிகைச் செலவும் போகும் அறிக்கையைக் கொடுத்தோம். அதற்குமேல் கேள்வி வரவில்லை, விசா வந்தது. அப்பாடா!