அனுப்பிய மின்னஞ்சலில் பிழையா? திருத்தம் அனுப்பும் முறை

ஹட்டனில் உயர்தர மாணவர்களுக்குக் கருத்தரங்கு. மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலைப் பாடசாலை அதிபர்களுக்கு மின்னஞ்சல் போய்விட்டது. அதில் ‘மார்ச் 14, ஞாயிற்றுக்கிழமை’ என்று இருக்கிறது. நாட்காட்டியைப் பார்த்தால் 14 சனிக்கிழமை. கருத்தரங்கு 15ஆம் திகதி ஞாயிறுதான்.

எழுத்துப் பிழையென்றால் விட்டுவிடலாம். திகதி, நேரம், இடம், பணம், தவறான இணைப்பு ஆகியவற்றுக்குத் திருத்தம் போயே ஆகவேண்டும். இங்கே ஆபத்து இரட்டிப்பு: திகதியைப் பார்த்தவர் சனியன்றும் கிழமையைப் பார்த்தவர் ஞாயிறன்றும் வேன் பேசுவார்.

திரும்பப் பெற முடியுமா?

ஜிமெயிலில் அனுப்பியவுடன் `Undo` தெரியும். வழக்கமாக அதற்கு 5 விநாடி; அமைப்புகளில் 30 விநாடி வரை கூட்டலாம். அது கடந்துவிட்டால் கடிதம் அவர்களுடையது. அவுட்லுக்கில் திரும்ப அழைக்கும் வசதி உண்டு, ஆனால் அது ஒரே நிறுவனத்தின் கணக்குகளுக்குள்தான் வேலை செய்யும். வெளியே உள்ள அதிபரின் ஜிமெயில் பெட்டிக்குள் அது கை வைக்காது. ஆகவே திருத்தத்தையே எழுதத் தொடங்குங்கள்.

எழுதுவதற்கு முன்

பழைய கடிதத்தை முதல் வரியிலிருந்து ஒரு தடவை வாசியுங்கள். இடம், நேரம், கட்டணம், தொலைபேசி எண் எல்லாவற்றையும் மூலத் தாளோடு ஒப்பிடுங்கள். அவசரத்தில் திகதியை மட்டும் திருத்தி அனுப்பிவிட்டு, நேரமும் பிழை என்று மறுநாள் இன்னொன்று அனுப்பினால், மூன்றாவது கடிதத்தை எவரும் நம்பமாட்டார்கள்.

யாருக்கு, எப்படி

`Sent` இல் பழைய கடிதத்தைத் திறந்து `Reply all` கொடுங்கள். பெறுநர் பட்டியலைப் பழையதோடு ஒப்பிடுங்கள். `Bcc` இல் போட்டவர்கள் தாமாக வந்துவிடுவார்கள் என்று நினைக்காமல் நீங்களே அதே இடத்தில் அவர்களை மீண்டும் சேர்த்துவிடுங்கள்.

அடுத்து தலைப்பு. பழைய தலைப்போடு போனால் பழைய உரையாடலின் அடியில் ஒளிந்துகொள்ளும். கணினியில் பதில் அம்புக்குறியின் பக்கத்தில் உள்ள சிறு முக்கோணத்தை அழுத்தி `Edit subject` தெரிவு செய்து, ‘திருத்தம்: கருத்தரங்கு மார்ச் 15, ஞாயிறு’ என்று மாற்றுங்கள். தலைப்பு மாறினால் ஜிமெயில் அதைத் தனிக் கடிதமாகக் காட்டும். இங்கே நமக்கு வேண்டியதும் அதுதான். வெறும் ‘திருத்தம்’ போதாது. கைபேசியில் தலைப்பும் முதல் வரியும் மட்டுமே பார்ப்பவர்கள் நிறையப் பேர்.

உள்ளே என்ன எழுதுவது

> மதிப்பிற்குரிய அதிபர் அவர்களுக்கு,
>
> உயர்தரக் கருத்தரங்கு மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமை மு.ப. 8.30க்கு ஹட்டனில் நடைபெறும். முந்தைய கடிதத்தில் மார்ச் 14 எனத் தவறாகக் குறிப்பிட்டிருந்தோம். 14ஆம் திகதி சனிக்கிழமை நிகழ்வு இல்லை.
>
> மண்டபம், நேரம், கட்டணம் ஆகியவற்றில் மாற்றம் இல்லை. அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்தால் தயவுசெய்து மாற்றிவிடுங்கள். சிரமத்துக்கு வருந்துகிறோம்.

சரியான செய்தி முதலில், பிழை அதற்குப் பிறகு, மன்னிப்பு கடைசியில் ஒரே வரி. ‘வருந்துகிறோம்’ என்று தொடங்கினால் கைபேசியில் தெரியும் அந்த ஒரு வரி மன்னிப்பிலேயே முடிந்துவிடும். பிழை எப்படி வந்தது என்ற விளக்கம் யாருக்கும் தேவையில்லை. ‘சனிக்கிழமை இல்லை’ என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் இரண்டு நாளும் நடக்கிறது என்று யாராவது எடுத்துக்கொள்வார்கள்.

பழைய கடிதத்தை யாரோ வாட்ஸ்அப் குழுவில் போட்டிருப்பார்கள். அதனால் திருத்தத்தைத் தனியாக வாசித்தாலும் விளங்கவேண்டும். ‘கீழே உள்ளதில் 14ஐ 15 என வாசிக்கவும்’ என்பது அங்கே போனால் பயனில்லை.

தவறான கோப்பை இணைத்திருந்தால் சரியானதை மீண்டும் இணைத்து, கோப்புப் பெயரிலேயே ‘திருத்தியது’ என்று சேர்த்துவிடுங்கள். பெயர் ஒன்றாக இருந்தால் பதிவிறக்கியவர் பழையதையே திறப்பார்.

வங்கிக் கணக்கு எண் பிழையென்றால் மின்னஞ்சல் மட்டும் போதாது. ‘இந்தக் கணக்குக்குப் பதிலாக அந்தக் கணக்கில் போடுங்கள்’ என்பது மோசடிக்காரர்கள் அனுப்பும் கடிதத்தின் அச்சு அசல். பெறுபவர் சந்தேகப்படுவதே சரி. அதனால் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த எண்ணிலிருந்து அழைத்து உறுதிப்படுத்துங்கள்.

அனுப்பிய பிறகு

சிக்னல் விழாத தோட்டங்களில் கடிதம் `Outbox` இலேயே கிடக்கும். `Sent` க்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். தூரத்திலிருந்து மாணவர்களைக் கூட்டிவரும் பாடசாலைகளுக்கும், பழைய கடிதத்துக்கு ‘வருகிறோம்’ என்று பதில் போட்டவர்களுக்கும் ஒரு அழைப்பு எடுத்துவிடுங்கள். வேனுக்கு முற்பணம் கொடுத்திருப்பவர்கள் அவர்கள்தான்.