ஈஎன்டி கிறுக்கலை முழுக் குறிப்பாக்குவது எப்படி: ஒரு காதை வைத்துச் செய்து பார்ப்போம்

காது மூக்கு தொண்டை ஓபியில் நோயாளியைப் பார்த்துக்கொண்டே மருத்துவர் கிறுக்கியது இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

```
34 ஆண். வ காது சீழ் 2 வரு விட்டு விட்டு, இப்ப 10 நாள்
கேள்வி குறைவு. வலி, தலைசுற்று இ
வ சென்ட்ரல் பெர்ஃப், சளி சீழ். இ காது இ
ரின்னி வ நெக், இ பாஸி. வெபர் இ
செப்டம் இ
சிப்ரோ டிராப்ஸ், தண்ணி கூடாது, பிடிஏ, 2 வா
```

முதலில் சுருக்கெழுத்தை உடையுங்கள். மேலே எத்தனை 'இ' என்று எண்ணிப் பாருங்கள். தலைசுற்றுக்குப் பக்கத்தில் அது 'இல்லை'. 'இ காது இ' என்பதில் முதலாவது இடது, அடுத்தது இயல்பு. மூக்கின் நடுச்சுவரான செப்டத்துக்குப் பக்கத்தில் இடப்பக்கம் வளைந்திருக்கிறது என்று அர்த்தம். தமிழில் கிறுக்குபவர்களுக்கென்றே வாய்த்த வம்பு இது! முழுக் குறிப்பில் வலது, இடது, இல்லை, இயல்பு நான்கையும் முழுச் சொல்லாகவே எழுதுங்கள்.

அடுத்து, ட்யூனிங் ஃபோர்க் சோதனைகளான ரின்னி, வெபர் முடிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

மற்ற பரிசோதனைகளில் நெகட்டிவ் என்றால் நிம்மதி. ரின்னியில் அது தலைகீழ். ஃபோர்க்கைக் காதுக்கு எதிரே பிடிப்பதைவிட, காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் வைக்கும்போது சத்தம் பெரிதாகக் கேட்டால்தான் நெகட்டிவ். ஒலி உள்காதுக்குப் போகும் வழியில் தடை இருக்கிறது என்று பொருள். செவிப்பறையில் ஓட்டை இருப்பதால் வலது நெகட்டிவ் பொருந்துகிறது.

வெபரில் ஃபோர்க்கை நெற்றி நடுவில் வைத்து, எந்தக் காதில் அதிகம் கேட்கிறது என்று கேட்கிறோம். வழியில் தடை என்றால் சத்தம் கெட்ட காதுக்குப் போகும். உள்காதோ நரம்போ பழுதானால் நல்ல காதுக்குப் போகும். அப்படியானால் இவருக்கு வலப்பக்கம் போயிருக்க வேண்டும். கிறுக்கலில் இருப்பதோ 'இ'. இடதா, இயல்பா? இடது என்றால் விஷயம் பெரிது. வலது உள்காதே செயலிழந்திருக்கலாம். எலும்பில் வைத்த சத்தத்தை மண்டையோட்டின் வழியே இடது காது கேட்க, ரின்னி பொய்யாக நெகட்டிவ் காட்டும்.

இங்கே நாமாக ஊகித்து 'வலது' என்று திருத்திவிடக் கூடாது. பார்த்த மருத்துவரிடம் கேளுங்கள். நம் நோயாளி இன்னும் வெளியே உட்கார்ந்திருந்தார். 512 ஹெர்ட்ஸ் ஃபோர்க்கை வைத்து மறுபடி பார்த்ததில் சத்தம் வலப்பக்கம்தான் போனது. அவசரத்தில் மருத்துவர் தவறாக எழுதியிருக்கிறார்.

பார்க்காததை இயல்பு என்று நிரப்பாதீர்கள். கிறுக்கலில் தொண்டை இல்லை. செவிப்பறையின் மேல்பகுதியான அட்டிக் பற்றியும் எதுவும் இல்லை. எலும்பை அரிக்கும் கொலஸ்டியாட்டோமா பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். 'இயல்பு' என்று எழுதிவிட்டால் அடுத்து வருபவர் அங்கே உற்றுப் பார்க்க மாட்டார். மருத்துவரிடம் கேட்டதில், 'அட்டிக்கைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது' என்றார். தொண்டையைப் பார்க்கவில்லையாம். அதை அப்படியே எழுதிவிடலாம்.

நோய்க்கணிப்பு: ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே ஒரு ஆதாரம் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். செப்டம் வளைவு பலருக்கும் உண்டு. இவருக்கு மூக்கில் தொந்தரவு ஏதும் இல்லை என்பதையும் கேட்டுக்கொண்டேன். அதனால் பரிசோதனையில் இருந்தால் போதும், நோய்க்கணிப்புக்கு ஏற வேண்டாம்.

திட்டம்: 'சிப்ரோ டிராப்ஸ்' மட்டும் போதாது. எந்தக் காது, எத்தனை சொட்டு, எத்தனை வேளை, எத்தனை நாள் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதுங்கள்.

எல்லாம் சேர்ந்தால் இப்படி வரும்:

```
வரலாறு: 34 வயது ஆண். வலது காதில் 2 வருடமாக விட்டு
விட்டுச் சீழ், இம்முறை 10 நாள். கேட்கும் திறன் குறைவு.
வலி, தலைசுற்றல், மூக்குத் தொந்தரவு இல்லை.

பரிசோதனை
வலது காது: செவிப்பறை நடுவில் ஓட்டை, சளி போன்ற சீழ்.
அட்டிக் இயல்பு.
இடது காது: இயல்பு.
ரின்னி (512): வலது நெகட்டிவ் (எலும்பு வழி அதிகம்),
இடது பாசிட்டிவ்.
வெபர்: வலப்பக்கம் (மறுபரிசோதனை செய்தது).
மூக்கு: செப்டம் இடப்பக்கம் வளைவு.
தொண்டை: பார்க்கவில்லை.

நோய்க்கணிப்பு: வலது நாள்பட்ட நடுக்காதுச் சீழ் நோய்,
மியூகோசல் வகை, சீழ் உள்ள நிலை. கடத்தல் வகைக்
கேள்விக் குறைவு (ஃபோர்க் அடிப்படையில்).

திட்டம்
1. சிப்ரோஃப்ளாக்சசின் 0.3% காது சொட்டு, வலது காதில்
   4 சொட்டு, தினம் 2 வேளை, 10 நாள்.
2. வலது காதில் தண்ணீர் படக் கூடாது.
3. சீழ் நின்றதும் பிடிஏ (ஆடியோகிராம்).
4. 2 வாரத்தில் மறுபார்வை: சீழ் நின்றதா, தொண்டைப்
   பரிசோதனை.
```