"ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா?" ஓபிடியில் இருப்பவர் பொய் சொல்லாமலும் வாய்ப்பைக் கெடுத்துக்கொள்ளாமலும் பதில் சொல்வது எப்படி

அமெரிக்காவில் எம்.எஸ். முடித்துவிட்டு, எஃப்-1 மாணவர் விசாவில், படிப்புக்குப் பிறகு வேலை செய்ய அனுமதிக்கும் ஓபிடியை வைத்து முதல் வேலை தேடுபவர்களுக்கான செய்முறை இது. ஓபிடிக்கு எப்படி விண்ணப்பிப்பது, ஐ-765 எப்போது அனுப்புவது என்பதெல்லாம் உங்கள் டிஎஸ்ஓ சொல்லியிருப்பார், அதனால் அதற்குள் போகவில்லை. நேராக விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்துக்கு வருவோம். பெரும்பாலான நிறுவனங்களின் படிவத்தில் இந்த இரண்டு கேள்விகளும் ஏறக்குறைய இதே சொற்களில் இருக்கும்:

```
Are you legally authorized to work in the United States?
Will you now or in the future require sponsorship
for employment visa status (e.g., H-1B)?
```

ஓபிடி அட்டை கையில் இருக்கும் ஒருவருக்கு இரண்டுக்குமே பதில் Yes.

முதல் கேள்வியில் யாரும் தடுமாறுவதில்லை. ஆளைக் கவிழ்ப்பது இரண்டாவதுதான். "ஓபிடிக்கு யாரும் ஸ்பான்சர் செய்யத் தேவையில்லையே, ஸ்டெம் நீட்டிப்புக்கும் தேவையில்லையே, அப்படியென்றால் No தானே?" என்று சீனியர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். வாதத்தின் முதல் பாதி சரி. ஆனால் கேள்வியில் "in the future" என்ற மூன்று சொற்கள் இருக்கின்றன. ஓபிடி முடிந்த பிறகும் அதே நிறுவனத்தில் இருக்க வேண்டுமானால் எச்-1பி என்ற வேலை விசா வேண்டும், அதற்கான மனுவை நிறுவனம்தான் போட வேண்டும். எனவே No என்பது பொய்யான பதில். குடிமக்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் போன்றவர்கள் கவலையில்லாமல் No போடலாம்.

கேள்வியின் சொற்களை ஒவ்வொரு முறையும் படித்துப் பார்ப்பது அதனால்தான் முக்கியம். சில படிவங்களில் "இப்போது வேலையைத் தொடங்க ஸ்பான்சர்ஷிப் தேவையா" என்று மட்டும் இருக்கும். அதற்கு No என்பது நேர்மையான பதிலே. உலாவியின் தானாக நிரப்பும் வசதி இந்த வித்தியாசத்தைப் பார்க்காது, போன படிவத்தில் போட்டதையே இங்கேயும் போட்டுவிடும். மற்றப் பெட்டிகளுக்கு அது இருக்கட்டும், இந்த இரண்டையும் கையால் நிரப்புங்கள்.

படி 1: தேதிகளை ஒரு தாளில் எழுதுங்கள்

ரெக்ரூட்டரிடம் பேசுவதற்கு முன் உங்கள் கணக்கு உங்களுக்கே தெளிவாக இருக்க வேண்டும். ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். 2026 மே மாதம் கம்ப்யூட்டர் சயின்ஸில் எம்.எஸ். முடித்தவர். அவருடைய ஓபிடி அட்டையில், அதாவது இஏடி அட்டையில், 2026 ஜூன் 15 முதல் 2027 ஜூன் 14 வரை என்று இருக்கிறது. இது 12 மாத ஓபிடி. படிப்பு ஸ்டெம் பட்டியலில் இருப்பதால் இன்னும் 24 மாதம் நீட்டிக்க விண்ணப்பிக்கலாம், கிடைத்தால் 2029 ஜூன் 14 வரை. ஐ-20இல் உள்ள சிஐபி எண்ணை வைத்து உங்கள் படிப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று டிஎஸ்ஓவிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

எச்-1பி பதிவு வழக்கமாக மார்ச்சில் நடக்கும், குலுக்கலில் தேர்வானவர்களின் எச்-1பி வேலைக்காலம் அக்டோபர் 1இல் தொடங்கும். இவர் 2026 ஜூலையில் சேர்ந்தால் 2027, 2028, 2029 என்று மூன்று மார்ச்கள் கிடைக்கின்றன. மூன்றாவதில் கொஞ்சம் நெருக்கடி: 2029 ஜூன் 14க்குள் நிறுவனம் மனுவைப் போட்டுவிட்டால்தான் 'கேப்-கேப்' என்ற ஏற்பாட்டில் இடைவெளி இல்லாமல் வேலையைத் தொடர முடியும்.

படி 2: நிறுவனம் இ-வெரிஃபையில் இருக்கிறதா என்று பாருங்கள்

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். "மூன்று வருடம் நிறுவனம் எதுவுமே செய்ய வேண்டாம்" என்று ரெக்ரூட்டரிடம் உற்சாகமாகச் சொல்லிவிடுகிறார்கள். அது உண்மையல்ல. ஸ்டெம் நீட்டிப்பு விசா ஸ்பான்சர்ஷிப் அல்ல என்பது சரி. ஆனால் அதற்கு, பணியாளரின் வேலை அனுமதியை இணையத்தில் சரிபார்க்கும் அரசு ஏற்பாடான இ-வெரிஃபையில் நிறுவனம் பதிந்திருக்க வேண்டும், ஐ-983 என்ற பயிற்சித் திட்டப் படிவத்தில் கையெழுத்தும் போட வேண்டும். பதியாத நிறுவனத்தில் உங்களுக்கு இருப்பது 12 மாதம் மட்டுமே. பெரிய நிறுவனங்களில் இது பிரச்சினையாக இருப்பது குறைவு. இருபது பேர் இருக்கும் ஸ்டார்ட்அப்பில் இ-வெரிஃபை என்ற பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

e-verify.gov தளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடலாம். ஐந்து பேருக்குக் குறைவாக இருக்கும் நிறுவனங்கள் அந்தப் பட்டியலில் வராது. அதோடு, யுஎஸ்சிஐஎஸ் வைத்திருக்கும் H-1B Employer Data Hub பக்கத்தில் அந்த நிறுவனம் முந்தைய ஆண்டுகளில் எச்-1பி எடுத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். "இவர்கள் ஸ்பான்சர் செய்வார்களாம்" என்று வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்றும் எக்செல் பட்டியல்களைவிட இந்த இரண்டு பக்கங்களும் ஆயிரம் மடங்கு மேல்.

விளம்பரத்திலேயே "இப்போதும் எதிர்காலத்திலும் ஸ்பான்சர்ஷிப் இல்லை" என்று எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள். நல்ல ரெஸ்யூமே அந்த வரியை மாற்றாது. ஓபிடியில் வேலையில்லாமல் இருக்க மொத்தம் 90 நாள்தான் அனுமதி, அந்த நாள்களைத் திறந்திருக்கும் கதவுகளில் செலவழியுங்கள். பல்கலைக்கழகங்களும் லாப நோக்கற்ற ஆராய்ச்சி நிறுவனங்கள் பலவும் எச்-1பி குலுக்கலுக்கு வெளியே இருப்பவை, தேடும்போது அவற்றையும் மறக்க வேண்டாம்.

படி 3: தொலைபேசியில் கேட்கும்போது

படிவத்தில் Yes போட்டால் தானாகவே நிராகரிப்பு வரும் இடங்கள் உண்டு. அதற்கு வைத்தியம் இல்லை. தாண்டி வந்தால், முதல் ரெக்ரூட்டர் அழைப்பின் கடைசி ஐந்து நிமிடத்தில் "ஸ்பான்சர்ஷிப் வேண்டியிருக்குமா?" என்று கேள்வி வரும். அதற்கு முன்பு நீங்களாக எடுக்க வேண்டாம், கவர் லெட்டரிலும் எழுத வேண்டாம். கேட்டதும் மழுப்பவும் வேண்டாம்.

பதிலின் வரிசை இதுதான்: இன்றைய நிலை, அது எந்தத் தேதி வரை, பிறகு என்ன வேண்டும், கடைசியில் வேலையைப் பற்றி ஒரு கேள்வி. முப்பது விநாடிக்கு மேல் போகக் கூடாது. வரிசையை மாற்றி "ஆமாம், எச்-1பி வேண்டும், ஆனால்..." என்று தொடங்கினால் கேட்பவர் காதில் 'எச்-1பி' மட்டும்தான் விழும், "ஆனால்" என்பதற்குப் பிறகு வருவதை அவர் குறித்துக்கொள்ள மாட்டார். பல ரெக்ரூட்டர்களுக்கு ஓபிடி பற்றி அதிகம் தெரியாது. அவர்கள் முன்னால் இருக்கும் பெட்டியில் எழுதிக்கொள்ள ஒரு தேதி கிடைத்தால் வேலை சுலபமாகிவிடுகிறது.

மின்னஞ்சலில் கேட்டால், மேலே சொன்ன உதாரணத்து ஆள் இப்படி எழுதலாம்:

```
I am authorized to work in the U.S. on F-1 OPT through
June 14, 2027, and can apply for a 24-month STEM extension
if the company is enrolled in E-Verify. After that I would
need H-1B sponsorship. Happy to go over the timeline.
You mentioned the team is moving batch jobs to Kafka;
which pipelines would this role take on first?
```

கடைசி இரண்டு வரிகளைக் கவனியுங்கள். "இந்த வாய்ப்பு எனக்குக் கிடைத்தால் பெருமைப்படுவேன்" வகையறா எதுவும் அதில் இல்லை. ரெக்ரூட்டர் அழைப்பில் சொன்ன ஒரு விவரத்தைப் பிடித்து ஒரு கேள்வி, அவ்வளவுதான். வேலையில் ஆர்வம் இருப்பது அதிலேயே தெரிந்துவிடும், பேச்சும் விசாவிலிருந்து வேலைக்குத் திரும்பிவிடும். மன்னிப்புக் கேட்கும் தொனி எங்கேயும் வரக் கூடாது. "தொந்தரவுக்கு மன்னிக்கவும், விசா விஷயம் கொஞ்சம் சிக்கல்" என்று எழுதினால், சிக்கல் என்று நீங்களே முத்திரை குத்திக் கொடுத்ததாக ஆகும்.

எங்கே தவறும்

குலுக்கலில் கிடைத்துவிடும் என்று உறுதி தராதீர்கள். மூன்று முயற்சி என்பதுவரைதான் சொல்லலாம். 2026இலிருந்து சம்பள நிலை உயர்ந்த பதிவுகளுக்கு வாய்ப்பு கூடும்படி தேர்வு முறையையே மாற்றியிருக்கிறார்கள். முதல் வேலையில் சேருபவருக்கு அது சாதகமான மாற்றம் அல்ல.

"செலவை நானே ஏற்றுக்கொள்கிறேன்" என்று முன்வராதீர்கள். எச்-1பி மனுவில் உள்ள பயிற்சிக் கட்டணம், நிறுவனத்தின் அளவைப் பொறுத்து 750 அல்லது 1,500 டாலர், நிறுவனம்தான் கட்ட வேண்டும் என்பது சட்டம். அதைப் பணியாளரிடம் வாங்கும் நிறுவனம் சட்டத்தை மீறுகிறது. நல்ல நிறுவனத்தின் எச்.ஆர். உங்கள் பேச்சைக் கேட்டு நெளிவார், மோசமான நிறுவனம் பிடித்துக்கொள்ளும்.

"எந்த நாட்டுக்காரர்?" என்று சிலர் நேரடியாகக் கேட்பார்கள். சண்டைக்குப் போக வேண்டாம், நாட்டின் பெயரைச் சொல்லவும் வேண்டாம். "எனக்கு இங்கே வேலை செய்ய அனுமதி இருக்கிறது, 2027 ஜூன் வரை" என்று அதே பதிலையே கொடுத்தால் போதும்.

பிறகு சேர்த்தது: ஒரு லட்சம் டாலர் கேள்வி

2025 செப்டம்பரில் வந்த அதிபர் பிரகடனத்துக்குப் பிறகு, "உங்களை எடுத்தால் ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டுமாமே?" என்று ரெக்ரூட்டர்களே கேட்கிறார்கள். அமெரிக்காவுக்குள் இருப்பவர் எஃப்-1இலிருந்து எச்-1பிக்கு நிலை மாற்றம் கேட்டு, அது ஏற்கப்பட்டால் இந்தக் கட்டணம் இல்லை என்று யுஎஸ்சிஐஎஸ் 2025 அக்டோபர் 20 அன்று விளக்கம் தந்தது. "நான் இங்கேயே இருப்பதால் எனக்கு அது பொருந்தாது என்று புரிந்துகொண்டிருக்கிறேன், உங்கள் வழக்கறிஞர் உறுதி செய்யட்டும்" என்பதோடு நிறுத்துங்கள். நீங்களே வழக்கறிஞராகி வகுப்பெடுத்தால் ரெக்ரூட்டருக்குப் பயம்தான் கூடும். நிலை மாற்ற மனு நிலுவையில் இருக்கும்போது ஊருக்குப் போனால் அந்த வேண்டுகோள் கைவிடப்பட்டதாகிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தங்கை கல்யாணமாகவே இருந்தாலும் டிக்கெட் போடுமுன் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

பிறகு சேர்த்தது: ஏற்கெனவே No போட்டுவிட்டேன், என்ன செய்ய?

அனுப்பிய படிவத்தைப் பல தளங்களில் திருத்த முடியாது. ஆனால் ரெக்ரூட்டரின் மின்னஞ்சல் கிடைத்த அன்றே இரண்டு வரி எழுதிவிடலாம்: ஸ்பான்சர்ஷிப் கேள்விக்கு No என்று குறித்திருந்தேன், எதிர்காலத்தையும் சேர்த்துப் பார்த்தால் சரியான பதில் Yes, இன்றைய அனுமதி இந்தத் தேதி வரை. அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஆஃபர் வருவதற்கு முன் இதைச் செய்தால் படிவத்தில் நேர்ந்த பிழையாகப் பார்க்கப்பட வாய்ப்புண்டு. வேலையில் சேரும்போது ஐ-9 படிவத்துக்கு இஏடி அட்டையை நீட்டப்போகிறீர்கள், அதில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கிறது. எச்.ஆர். அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டால் ஆஃபரையே திரும்பப் பெறலாம். அந்த ஐ-9இல் குடிமகன் என்ற கட்டத்தைத் தவறிக்கூடத் தொடாதீர்கள். குடியுரிமை இருப்பதாகப் பொய்யாகக் குறிப்பது, விதிவிலக்கு மிகக் குறைவாகவே உள்ள, நிரந்தரமாக நாட்டுக்குள் நுழைய முடியாமல் செய்யக்கூடிய குற்றம்.