பயணச் செலவுக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீண்ட கார் பயணம் போய்வந்த ஆறு நண்பர்கள் கணக்குத் தீர்ப்பதைச் சமீபத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். "டீசல் நான் போட்டேன், அறை வாடகை நீ கொடுத்தாய்" என்று பில் பில்லாக ஆளுக்கு ஆள் பணம் அனுப்பினார்கள். நானும் முன்பு அப்படித்தான் செய்தேன். ஒருவருக்கு 400 அனுப்பினேன், அன்று இரவே வேறொரு பில்லுக்காக அவர் எனக்கு 350 அனுப்பினார்.

யார் யாருக்குக் கடன் என்று பார்க்கவே வேண்டாம். ஒருவர் கையிலிருந்து போட்ட மொத்தத்தில் அவருடைய பங்கைக் கழியுங்கள். மீதி கூடுதலாக இருந்தால் அவருக்கு வரவேண்டும், குறைந்தால் அவர் தரவேண்டும். இதுதான் அவருடைய நிகரம். ஆளுக்கு ஒரே எண், அவ்வளவுதான்.

பெரியதைப் பெரியதோடு கோப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இந்தத் தவறுதான். நிகரம் வந்ததும் அதிகம் தரவேண்டியவரை அதிகம் வரவேண்டியவரோடு கோத்துக்கொண்டே போவார்கள். கணக்கு தீரும், ஆனால் அனுப்பும் தடவைகள் கூடிவிடலாம்.

முரளிக்கு 900, தேவிக்கு 500, பாபுவுக்கு 200 வரவேண்டும். கண்ணன் 700, ரேகா 600, சலீம் 300 தரவேண்டும். வழக்கப்படி கண்ணன் முரளிக்கு 700, ரேகா தேவிக்கு 500, சலீம் முரளிக்கு 200. இப்போது ரேகாவிடமும் சலீமிடமும் தலா 100 மிச்சம், இரண்டும் பாபுவுக்கு. மொத்தம் 5 தடவை. எங்கள் பயணத்தில் இப்படி ஒட்டிக்கொண்ட 100 பல மாதம் கழித்தும் வரவில்லை. சின்னத் தொகை என்பதால் கொடுக்க வேண்டியவர் மறந்துவிட்டார், கேட்கவும் சங்கடம்.

அதே எண்களை இன்னொரு முறை பாருங்கள். ரேகாவும் சலீமும் தருவதைக் கூட்டினால் சரியாக முரளியின் 900. கண்ணனின் 700, தேவிக்கும் பாபுவுக்கும் சேர்த்து வரவேண்டியது. தமக்குள்ளேயே தீர்ந்துவிடும் இரண்டு குழுக்கள் இருக்கின்றன. தனித்தனியாகத் தீர்த்தால் 4 தடவையில் முடிந்துவிடும்.

பாக்கி உள்ளவர்களின் எண்ணிக்கையிலிருந்து இப்படித் தானே தீரும் குழுக்களை எத்தனை பிரிக்க முடிகிறதோ அத்தனையைக் கழித்தால், குறைந்தபட்சத் தடவைகள் கிடைக்கும். குழு பிரியவே இல்லையென்றால் எல்லோரும் சேர்ந்து ஒரே குழு, எனவே ஆட்களைவிட ஒன்று குறைவு. ஆறேழு பேர் வரை தாளில் எழுதியே தேடிவிடலாம். ஆட்கள் கூடக்கூடச் சேர்க்கைகள் மளமளவென்று பெருகும். அப்போது ஒன்றிரண்டு தடவை கூடினாலும் விட்டுவிடுவேன்.

வழியில் கைமாற்றிய பணம்

வழியில் ஒருவர் இன்னொருவருக்குக் கைமாற்றாகக் கொடுத்த பணத்தையும் விட்டுவிடாதீர்கள். கொடுத்தவர் போட்ட மொத்தத்தில் அதைக் கூட்டுங்கள், வாங்கியவர் போட்ட மொத்தத்தில் கழியுங்கள்.

அவசரமாக அனுப்புவது

எல்லா நிகரத்தையும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். வகுத்ததில் ஒன்றிரண்டு மிஞ்சினால் யாராவது ஒருவர் தலையில் போட்டுவிடலாம், அதற்கு மேல் இடித்தால் எங்கோ பிழை. ஆனால் எழுதாமலே விட்ட பில் இந்தச் சோதனையில் தெரியாது, பூஜ்யம் அப்போதும் வரும். அதனால் பட்டியலை எல்லோருக்கும் காட்டி, ஒரு நாள் பொறுத்து, அதன்பிறகே பணத்தை அனுப்பச் சொல்லுங்கள்.