எழுமாறாகப் பிரித்த பிறகும் கெட்டுப்போகும் மருந்துச் சோதனைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் ஒரு வைத்தியசாலையின் பிரஷர் கிளினிக்கில் புதிய குளிசை ஒன்றைச் சோதிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 200 நோயாளிகள். பாதிப் பேருக்குப் புதிய குளிசை, மற்றவர்களுக்கு வழக்கமான குளிசை. ஆறு மாதம் கழித்து எத்தனை பேருக்கு பிரஷர் 140/90க்குக் கீழே இறங்கியது என்று பார்ப்பார்கள். யாருக்கு எது என்பதைக் கணினி எழுமாறாகத் தீர்மானிக்கிறது.

இப்படிப் பிரிப்பதன் லாபம், வயது, சிறுநீரகக் கோளாறு, குளிசையை ஒழுங்காகப் போடும் பழக்கம் எல்லாம் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே மாதிரிப் பரவிவிடும் என்பதுதான். நாம் அளக்கத் தெரியாத விடயங்கள்கூட அப்படித்தான். ஆனால் இந்தச் சமநிலையைப் பிறகு மூன்று இடங்களில் கெடுத்துவிடலாம்: நோயாளியைச் சேர்க்கும்போது, பிரஷரை அளக்கும்போது, கடைசியில் கணக்குப் பார்க்கும்போது.

முதல் இடத்தில் நடக்கும் தவறுதான் வெளியே தெரியாதது. கணினி தந்த பட்டியல் சேர்க்கும் வைத்தியரின் மேசையிலேயே கிடக்கிறது. அடுத்த வரியில் 'புதிய குளிசை' என்று இருக்கிறது. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த வயதான அம்மா ஒருவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், கால் வேறு வீங்கியிருக்கிறது. 'இவருக்கு எதற்குப் புதிய மருந்து' என்று நினைத்து, "அம்மா, அடுத்த கிழமை வாங்க, பார்ப்போம்" என்று அனுப்பிவிடுகிறார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் இப்படி நாலு பேரை அனுப்பினால் புதிய குளிசைக் குழுவில் ஆரோக்கியமானவர்கள் கூடிவிடுவார்கள். கணினி செய்த வேலை அத்தனையும் வீண்.

எனவே அடுத்தவருக்கு எந்த மருந்து என்பது, அவரைச் சேர்த்து முடிக்கும்வரை சேர்ப்பவருக்குத் தெரியக்கூடாது. இதுதான் ஒதுக்கீட்டை மறைத்தல். ஒற்றைத் திகதியில் வந்தவருக்கு இது, இரட்டைத் திகதியில் வந்தவருக்கு அது என்று பிரிப்பதும், கிளினிக் நம்பரைப் பார்த்துப் பிரிப்பதும் இங்கேதான் தோற்றுப்போகின்றன. அடுத்தது எதுவென்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். மருந்தின் பெயரை உள்ளே வைத்து ஒட்டிய கடித உறைகளையும் முழுதாக நம்ப முடியாது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர்கள், பல உறைகளை ஒன்றாகத் திறந்து பிடித்ததைத் தேர்ந்தவர்கள் எல்லாம் இருந்திருக்கிறார்கள். உறைதான் வழி என்றால் அது ஒளி ஊடுருவாததாக, வரிசை எண் போட்டதாக இருக்கட்டும். நோயாளியின் பெயரை மேலே எழுதிய பிறகே திறக்கட்டும். அதைவிட நல்லது, நோயாளியைப் பதிவு செய்தபின் தொலைபேசியிலோ இணையத்திலோ ஒரு மையத்திலிருந்து பதில் வருவது.

அப்புறம் ஒரு நுட்பமான ஓட்டை. இரண்டு குழுவும் சமமாக வர, நாலு நாலு பேராகப் பிரித்து, ஒவ்வொரு நாலிலும் இரண்டு பேருக்குப் புதியது என்று வைப்பார்கள். யாருக்கு என்ன மருந்து என்று பிறகு தெரிந்துவிடும் சோதனையில், முதல் மூவருக்குக் கிடைத்ததைப் பார்த்தவர் நாலாவதைத் தவறாமல் சொல்லிவிடுவார். ஆகவே தொகுதியின் அளவை நாலு, ஆறு, எட்டு என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டும். அது எத்தனை என்பதைச் சேர்ப்பவரிடம் சொல்லவும் கூடாது.

மறைத்தலையும் பிளைண்டிங்கையும் ஒன்றென்று குழப்புவது அடுத்த தவறு. மறைத்தல், நோயாளி சேரும் நொடிவரை. பிளைண்டிங், அதற்குப் பிறகு யாருக்கு எந்த மருந்து என்பதை நோயாளிக்கோ வைத்தியருக்கோ அளப்பவருக்கோ தெரியாமல் வைப்பது. 1948ல் வெளியான, காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் சோதனை இந்த வித்தியாசத்தை அழகாகக் காட்டும். புள்ளியியலாளர் பிராட்ஃபோர்ட் ஹில் எழுமாற்று எண்களைக் கொண்டு ஒதுக்கீட்டைத் தயாரித்தார். நோயாளி தகுதியானவர் என்று முடிவான பிறகுதான் ஒட்டிய உறை திறக்கப்பட்டது. ஆனால் போலி ஊசி எதுவும் கொடுக்கப்படவில்லை. மற்றக் குழுவுக்குப் படுக்கை ஓய்வு மட்டும்தான். வார்டில் யாருக்கு மருந்து என்பது தெரிந்த விடயம். இருந்தும் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தவர்களுக்கு எது யாருடையது என்று தெரியாது. நோயாளியிடம் மறைக்க முடியாவிட்டாலும், அளப்பவரிடம் மறைக்கலாம்.

இலங்கையில் நடந்த ஒரு சோதனையும் இதற்குப் பொருந்தும். மூன்று பிரஷர் மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையில் சேர்த்து, வைத்தியர்கள் வழக்கமாகத் தரும் சிகிச்சையோடு ஒப்பிட்டு, 700 பேரில் நடத்தினார்கள். முடிவு 2018ல் வெளியானது. ஆறு மாதத்தில் இலக்கை எட்டியவர்கள் சுமார் 70 வீதம், மற்றப் பக்கம் 55 வீதம். ஒரு பக்கம் வைத்தியரே மருந்தை மாற்றி மாற்றிக் கொடுப்பதால் பிளைண்டிங் இங்கே நடைமுறைக்கு ஒத்துவராது. சோதனையும் வெளிப்படையாகத்தான் நடந்தது. அது குற்றமில்லை. பிளைண்டிங் முடியாத சோதனைகள் உண்டு, ஒதுக்கீட்டை மறைக்க முடியாத சோதனை கிடையாது.

நம் கிளினிக்குக்கு வருவோம். இங்கே இரண்டு குளிசையையும் ஒரே நிறத்தில், ஒரே வடிவில் செய்யலாம். செய்யாவிட்டால், புதிய மருந்துக்காரருக்கு 142 வந்ததும் தாதி "கொஞ்சம் இருந்துவிட்டு இன்னொரு தரம் பார்ப்போமா" என்பார், பழைய மருந்துக்காரருக்கு 142 என்றே எழுதிவிடுவார். தானாக அளக்கும் மெஷினும், ஒதுக்கீடு தெரியாத ஆளும் இருந்தால் இது பெருமளவு குறையும். 'இரட்டை பிளைண்ட்' என்று மட்டும் எழுதி விட்டுவிடும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. நோயாளியா, வைத்தியரா, அளப்பவரா, கணக்குப் பார்ப்பவரா, யார் யாருக்குத் தெரியாது என்று எழுதினால்தான் வாசிப்பவருக்கு ஏதாவது புரியும்.

சரி, ஆறு மாதம் முடிந்தது. புதிய குளிசையால் கால் வீங்கி 20 பேர் நிறுத்திவிட்டார்கள். தொடர்ந்து போட்ட 80 பேரில் 52 பேருக்கு பிரஷர் அடங்கியது: 65 வீதம். பழைய குளிசையை 5 பேர்தான் நிறுத்தினார்கள். மீதி 95 பேரில் 53 பேருக்கு அடங்கியது: சுமார் 56 வீதம். ஒன்பது வீத முன்னேற்றம் என்று எழுதக் கை துடிக்கும்.

நிறுத்தியவர்களையும் அவரவர் குழுவிலேயே வைத்து எண்ணுங்கள். அந்த 20 பேரில் 4 பேருக்கு அடங்கியிருந்தது, இந்த 5 பேரில் ஒருவருக்கு. இப்போது 100க்கு 56, 100க்கு 54. முன்னேற்றத்தில் பெரும்பகுதி காணாமல் போய்விட்டது. சேர்க்கும்போது எந்தக் குழுவோ அந்தக் குழுவிலேயே எல்லோரையும் கணக்கிடுவதுதான் இன்டென்ஷன் டு ட்ரீட்.

'குளிசையே போடாதவரை ஏன் சேர்க்க வேண்டும்?' என்று கேட்பது நியாயம்தான். அமெரிக்காவில் மாரடைப்பு வந்த ஆண்களில் நடந்த கொரோனரி டிரக் புரொஜெக்ட் இதற்குப் பதில் வைத்திருக்கிறது. 1980ல் வெளியான கணக்கின்படி, கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் குளோஃபைப்ரேட்டை ஒழுங்காகப் போட்டவர்களில் ஐந்து வருடத்தில் 15 வீதம் பேர் இறந்தார்கள், ஒழுங்காகப் போடாதவர்களில் சுமார் 25 வீதம். மருந்து வேலை செய்கிறது என்று தோன்றும். ஆனால் போலிக் குளிசைக் குழுவிலும் ஒழுங்காகப் போட்டவர்கள் 15 வீதம், போடாதவர்கள் 28 வீதம்! ஒழுங்காகப் போடுபவர் மற்ற வகைகளிலும் வேறு மாதிரியானவர். அவரை மட்டும் பொறுக்கி எடுத்தால், எழுமாறாகப் பிரித்ததை நாமே கலைக்கிறோம். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது இரண்டு குழுவிலும் இறப்பு 20, 21 வீதம்தான்.

இங்கே நடைமுறையில் சறுக்குவது, குளிசையை நிறுத்தியவரைச் சோதனையிலிருந்தே வெளியேறியவராக எழுதிவிடுவது. குளிசை வேண்டாம் என்றவரிடமும், அவர் சம்மதித்தால், ஆறாம் மாதம் பிரஷர் எடுக்க வேண்டும். அளவே இல்லாதவர்கள் கூடினால் எந்தப் புள்ளியியல் உத்தியும் ஊகத்தின் மேல்தான் நிற்கும். இன்னொரு எல்லையும் உண்டு: புதிய மருந்து பழையதைவிட மோசமில்லை என்று மட்டும் காட்ட முயலும் சோதனைகளில், பலர் மருந்தை நிறுத்தினால் இரண்டு குழுவும் ஒன்றுபோலத் தோன்றும். அங்கே ஒழுங்காகப் போட்டவர்களின் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

ஒரு சோதனைக் கட்டுரை கையில் வந்தால் முதலில், எத்தனை பேரைப் பிரித்தார்கள், எத்தனை பேரைக் கடைசியில் கணக்கிட்டார்கள் என்று காட்டும் ஆட்களின் ஓட்டப் படத்தைப் பாருங்கள். பிரித்தது 100, கணக்கிட்டது 80 என்று இருந்து, அட்டவணையில் மட்டும் 'இன்டென்ஷன் டு ட்ரீட்' என்று எழுதியிருந்தால், அந்த 20 பேரும் எங்கே போனார்கள் என்று தேடிவிட்டுத்தான் 65 வீதத்தை வாசிக்க வேண்டும்.