நாய்க்கு க்ரூமிங்: கட்டண விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஷீ ட்ஸூவுக்கு எவ்வளவு?" என்று போனில் கேட்டு, வந்த பதிலையே முடிவான கட்டணமாக எடுத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான சச்சரவுகள் தொடங்குகின்றன. க்ரூமர் சொன்னது, ஒழுங்காகச் சீவிப் பராமரிக்கப்படும் ஷீ ட்ஸூவுக்கு வழக்கமாக ஆகும் நேரத்தை வைத்துப் போட்ட தொகை. நாய் மேஜையில் ஏறி, சீப்பு அதன் தோல்வரை இறங்கிய பிறகுதான் உண்மையான வேலை எவ்வளவு என்று தெரியும்.

இனமும் உடல் அளவும் ஓர் ஆரம்பக் கணக்குதான். 30 கிலோ லாப்ரடாருக்குக் குளியல், ட்ரையர், உதிரும் முடியை எடுப்பது, நகம், காது என்று வேலை முடிந்துவிடும். அதில் கால்வாசி எடைகூட இல்லாத ஷீ ட்ஸூவுக்கு இவற்றோடு உடல் முழுக்க முடிவெட்டும் உண்டு. அதனால் சின்ன நாய்க்குக் கூடுதல் கட்டணம் வந்தால் அதில் ஏமாற்று எதுவும் இல்லை. பூடில் என்று மட்டும் சொல்வதும் போதாது. சிறிய டாய் பூடிலுக்கும் பெரிய ஸ்டாண்டர்ட் பூடிலுக்கும் வேலையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. எடை, முடியின் நீளம், கடைசியாக எப்போது வெட்டியது என்ற மூன்றையும் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்த தவறு, மேல்முடியை மட்டும் பிரஷ்ஷால் சீவிவிட்டு "சிக்கே இல்லை" என்று நம்புவது. சிக்கு தோலை ஒட்டி, அடியில்தான் பிடிக்கும். காதுக்குப் பின்னால், முன்னங்கால் இடுக்கில், கழுத்துப்பட்டைக்கு அடியில், வாலின் அடியில் பாருங்கள். முடியைக் கையால் பிரித்து, உலோகச் சீப்பைத் தோலுக்கு அருகில் வைத்து மெல்ல இழுக்க வேண்டும். தடையில்லாமல் வந்தால் சரி. நின்றுவிட்டால் அதையும் போனிலேயே சொல்லிவிடுங்கள். சிக்கோடு வீட்டில் குளிப்பாட்டி அனுப்ப வேண்டாம். நனைந்து காயும்போது அது இன்னும் இறுகிவிடும், வேலையும் கட்டணமும் கூடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 6 கிலோ ஷீ ட்ஸூ, வழக்கமாக 90 நிமிட வேலை, அதற்கான அடிப்படைக் கட்டணத்தை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். கூடுதலாகும் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் அதே விகிதத்தில் சுமார் 17 பங்கு. நாலு மாதம் சீவாமல் வந்த இந்த நாய்க்குக் காதிலும் கால் இடுக்கிலும் சிக்கு தோலோடு ஒட்டியிருக்கிறது. நீளமுடியைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்றால், சிக்கெடுக்கவே 75 நிமிடம் கூடுதலாக ஆகும். கட்டணம் 183 பங்கைத் தொடும். கிளிப்பரால் ஒட்ட வெட்டினால் கூடுதல் 15 நிமிடம்தான், 117 பங்கில் முடியும். பலர் முதல் வழியைக் கேட்டுவிட்டுத் தொகையைப் பார்த்து வருந்துகிறார்கள். தொகையைவிட எனக்குக் கவலை தருவது, அந்த 75 நிமிடமும் முடியை இழுக்க இழுக்க நாய் படும் வலி. இந்த நிலையில் ஒட்ட வெட்டுவதே நல்லது, முடி திரும்ப வளரும். அடியில் மறைந்திருந்த புண்ணோ சிவப்போ அப்போது வெளியே தெரியலாம். அது கிளிப்பரால் வந்த காயம்தான் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். எங்கே எப்படி இருந்தது என்று க்ரூமரிடம் கேளுங்கள்.

ஆனால் ஹஸ்கி, பொமரேனியன் போன்ற இரட்டை அடுக்கு முடி உள்ள நாய்களுக்கு, நேரமும் செலவும் மிச்சம் என்று மொட்டையடிக்கச் சொல்லாதீர்கள். சிலவற்றுக்கு முடி திட்டுத்திட்டாக வளரும், பழைய நிலைக்கு வராமலும் போகலாம். தளர்ந்த அடிமுடியை எடுக்கச் சொல்லி, அதற்கு ஆகும் நேரத்துக்குப் பணம் கொடுப்பதே சரி.

அப்புறம், அடங்காத நாய்க்கான கூடுதல் கட்டணம். பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள், இடையிடையே ஓய்வு, வாய்க்கூடு என்று எல்லாவற்றுக்கும் நேரம் போகிறது. இதைத் தவிர்க்க, கடிக்கும் பழக்கத்தை மறைத்துக் கொண்டுவிடுவது மிக ஆபத்தான தவறு. நகம் வெட்டும்போது மட்டும் கடிக்கும் என்று முன்பே தெரிந்தால் அந்த வேலையைக் கடைசிக்குத் தள்ளலாம், வேறு மாதிரி பிடிக்கலாம். சாந்தமாக இருக்கட்டும் என்று கால்நடை மருத்துவரைக் கேட்காமல் மயக்க மாத்திரை கொடுப்பது அதைவிட மோசம்.

எல்லாச் சீற்றமும் குணத்தால் வருவதில்லை. சிக்கு இழுபடும் வலியிலும், காதில் தொற்று இருந்தாலும், மூட்டு வலியுள்ள வயதான நாயை வெகுநேரம் நிற்க வைத்தாலும் அது உறுமும். சிக்கெடுக்கும் நேரத்துக்குத் தனியாகவும், அதே நேரத்தில் நாய் துள்ளியதற்குத் தனியாகவும் இரண்டு தொகை போட்டிருந்தால், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் கூடியது என்று தயங்காமல் கேளுங்கள். ஒரே நேரத்துக்கு இரண்டு முறை வாங்குவது நியாயமில்லை. சிக்கே இல்லாமல் வரும் அடுத்த முறையும் நாய் அதே இடத்தில் சீறினால், மறுபடி க்ரூமிங்குக்கு நாள் குறிப்பதற்கு முன் அந்த இடத்தைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.